டெண்டரில் ஜெயித்தவள்

பழைய மெஷின் வாங்கி விற்கும் அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. தராசக்கா என்றால் கடைசிக் கடை வரைக்கும் தெரியும். ஒரு மோட்டாரைத் தரையில் கிடத்தினால், சுற்றி ஒரு நடை நடந்து, காலால் லேசாகத் தட்டிப் பார்த்து, உள்ளே எத்தனை கிலோ செம்பு இருக்கும் என்று சொல்லிவிடுவாள். அப்புறம் பிரித்து எடை போட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் பில் போடும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். கணவர் பஸ் டிரைவர். அவர் சம்பளத்தில் வீடு ஓடியது. இவள் சம்பளத்தில் எதுவும் ஓடவில்லை, அது பாட்டுக்குச் சேர்ந்து நின்றது. ஒருநாள் முதலாளி தூக்கிப் போடச் சொன்ன எரிந்த மோட்டார்களைத் தானே விலைக்குக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்து தொடங்கி, மூடிப்போன சின்னச் சின்னப் பட்டறைகளை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் அளவுக்கு வளர்ந்தாள். கூடப்பிறந்த தம்பியையும் தொழிலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

தம்பி சந்தேகப் பிராணி. அக்கா ஒரு கணக்குச் சொன்னால், "போன தடவை அந்தத் தையல் கம்பெனி ஜெனரேட்டர்ல கோட்டை விட்டோமே" என்பான். அவளுக்கு உடனே பதில் வரும். அது மழையில் நனைந்திருந்தது. அதற்கு முந்தியது, விற்றவன் பொய் சொன்னான். அதற்கும் முந்தியது, சந்தை திடீரென்று விழுந்தது. அவள் கணக்கு பலித்தால் அது அவள் கண்ணின் திறமை. பலிக்காவிட்டால் அதற்கு வேறு யாரோ காரணம். இதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் அவள் நினைவில் பதிந்திருந்தது.

அப்போதுதான் பிஸ்கட் தொழிற்சாலை டெண்டருக்கு வந்தது. கடன் கட்ட முடியாமல் மூடிய இடம். உள்ளே இருப்பதையெல்லாம் பேங்க் ஒரே தொகுப்பாக விற்கிறது. மூடிய கவரில் விலை எழுதிப் போட வேண்டும்; அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. மாவு பிசையும் இயந்திரங்கள், பொட்டலம் போடும் மெஷின்கள், ஜெனரேட்டர், கேபிள், எல்லாவற்றுக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு ஓவன். ஒரு முனையில் பச்சை மாவு பெல்ட்டில் ஏறினால் மறுமுனையில் வெந்த பிஸ்கட்டாக இறங்கும்.

பார்வையிட ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். மின்சாரம் துண்டித்தாகிவிட்டது. எதையும் ஓட்டிப் பார்க்க வழியில்லை. வந்திருந்த வியாபாரிகள் டார்ச் அடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றினார்கள். அவர்களில் கொக்கியும் இருந்தார். சொந்தமாகக் கிரேன் வைத்திருப்பதால் அந்தப் பெயர். தெருவில் அவளுக்குச் சரிசமமான போட்டி அவர் ஒருவர்தான். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லில் பாசம் எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவளாலேயே எடை போட முடிந்ததில்லை.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்.

"எவ்ளோ தேறும்க்கா?"

"நூறு லட்சம்."

"ஒரே நம்பரா சொல்லாத. மோசமாப் போனா எவ்ளோ, நல்லாப் போனா எவ்ளோ? இதுக்கு வெளிய போகவே போகாதுன்னு நீ பந்தயம் கட்டுற மாதிரி சொல்லு."

"மோசமாப் போனா தொண்ணூத்தஞ்சு. நல்லாப் போனா நூத்தஞ்சு."

"இருட்டுல பாத்த சரக்குக்கு இவ்ளோ குறுகலாவா?"

"உனக்குத்தாண்டா இருட்டு. எனக்கு எல்லாம் தெரிஞ்சுது."

எண்பத்து நான்கு லட்சம் எழுதிக் கவரை ஒட்டினாள். பதினாறு லட்சம் லாபம் என்பது அவள் மனக்கணக்கு. விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினாள்.

கவர்களைப் பேங்க்கின் மேல்மாடி அறையில் பிரித்தார்கள். நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமிடும் மின்விசிறி. பேங்க் அதிகாரி கண்ணாடி போட்ட பெண்மணி. ஒவ்வொரு கவராகக் கிழித்து, ஒரே குரலில் வாசித்தார். நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. கொக்கியின் கவரில் அறுபத்தொன்று. அறுபத்தொன்றைக் கேட்டதும் கொக்கி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைசியாக அவளுடையது. "எண்பத்து நான்கு."

யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. பிறகு நாற்காலிகள் அசைந்தன. ஒருவர் கை கொடுத்தார். இன்னொருவர், "கலக்கிட்டீங்கக்கா" என்றார்; சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். தராசக்கா சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

ஜெயித்த சந்தோஷம் எங்கே என்று தேடினாள். அது இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது. இவர்கள் ஆறு பேரும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள். அதே ஓவனைத்தான் தட்டிப் பார்த்தார்கள். எவரும் நேற்றுத் தொழிலுக்கு வந்தவரில்லை. சரக்கின் உண்மையான விலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இருட்டில் ஒருவர் கூட்டிப் போடுவார், ஒருவர் குறைத்துப் போடுவார். குறைத்துப் போட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். எல்லாரையும்விடக் கூட்டிப் போட்டவர் கையில் சாவி வரும். ஆக, இந்தச் சாவி அவள் கையில் இருக்கிறது என்பதே ஒரு சேதி. கவரை ஒட்டுவதற்கு முன்பே, நாம் ஜெயித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்க வேண்டும். படியிறங்கும்போதுதான் யோசித்தாள்.

மறுநாள் விளக்குக் கட்டிப் பார்த்தார்கள். பொட்டலம் போடும் மெஷின்களைத் திறந்தால் உள்ளே மின்னணு அட்டைகளைக் காணோம்; எவனோ முன்னமே கழற்றிக்கொண்டு போயிருந்தான். ஜெனரேட்டர் எஞ்சின் இறுகிக் கிடந்தது. கேபிளில் பாதி அலுமினியம். தம்பி ஒவ்வொன்றையும் திறந்து மூடிக்கொண்டே வந்தான்.

"ஓவனை வெட்டி இரும்பா வித்தா இருபத்திரண்டு வரும்" என்றான் கடைசியில். "மத்ததெல்லாம் சேத்து முப்பத்தெட்டு. கிரேன் வாடகை, வெட்டுற கூலி அஞ்சு போயிடும். அம்பத்தஞ்சு தேறும்க்கா."

எண்பத்து நாலு கொடுத்து ஐம்பத்தைந்து. அவள் ஒரு கவிழ்ந்த தட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"விட்டுடலாம்" என்றான் தம்பி. "முன்பணத்தோட போகட்டும்."

"எட்டரை லட்சம்டா! சும்மா விட்டுட்டு வரச் சொல்றியா?"

"எட்டரையைக் காப்பாத்த இருபத்தொன்பதைப் போடப் போறியா?"

அவன் சொன்னது சரிதான். சரி என்று தெரிந்ததாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அதோடு, முன்பணத்தை விட்டால் அது மட்டும் போகாது. இரண்டு வருடத்துக்கு அந்தப் பேங்க் டெண்டர் எதிலும் அவள் பெயர் இருக்காது. தெருவில் என்ன பேசுவார்கள் என்பதும் இருந்தது. அதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை.

மீதிப் பணம் கட்ட மாதக் கடைசி வெள்ளி வரை கெடு. கட்டிய பிறகு அடுத்த மாத முடிவுக்குள் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும்; தாண்டினால் தினப்படி அபராதம். கையிருப்பு, கடன், கணவரின் சேமிப்பு எல்லாம் சேர்த்தும் பெரிய ஓட்டை இருந்தது. கணவரிடம் சொன்னாள். அவர், "வண்டி வளைவுல வேகமாப் போயிடுச்சுன்னா பிரேக்கை ஒரேயடியா மிதிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொக்கி போன் செய்தார். தெருமுனை டீக்கடையில் சந்தித்தார்கள். தம்பியும் கூட இருந்தான்.

"ஓவனை மட்டும் எனக்குக் குடு தங்கச்சி. முப்பது தரேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் உஷாரானது. மொத்தச் சரக்குக்கும் அறுபத்தொன்று எழுதியவர், ஓவனுக்கு மட்டும் முப்பதா? அப்படியானால் அந்த ஓவனில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது. இருபத்திரண்டு பெறும் இரும்புக்கு முப்பது வருகிறதே என்று அவள் மனம் சந்தோஷப்படவில்லை. வேறு யாராவது அதே முப்பதுக்குக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். கொக்கி கேட்டதாலேயே அது மோசமான விலையாகிவிட்டது.

"அம்பது" என்றாள்.

"அம்பதா! கண்ணு தெரியுதா? முப்பத்திரண்டு."

"நாப்பத்தெட்டு. அதுக்குக் கீழ பேச்சே கிடையாது."

"எப்ப எடுக்கணும்?" என்று கொக்கி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

அவளுக்கு நாளைக்கே எடுத்தாலும் தாமதம்தான். ஆனால் அவசரத்தைக் காட்டினால் விலையை அமுக்குவார். "எனக்கொண்ணும் அவசரமில்லண்ணே. உங்க சௌகரியம்."

"எனக்கும் அவசரமில்ல" என்றார் கொக்கி. "நிதானமா, ரெண்டு மூணு மாசத்துல எடுத்துக்கலாம்."

பார்த்தாயா, இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். விலையிலேயே நின்றார்கள். அவர் முப்பத்து நான்கில் நின்றார்; அவள் நாற்பத்தைந்தில் நின்றாள். கொக்கி டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார்.

"நீ வெள்ளிக்கிழமை கட்ட மாட்ட. எனக்குத் தெரியும். அப்புறம் பேங்க் ரெண்டாவது ஆளைத்தான் கூப்பிடும். நான்தான் ரெண்டாவது. மொத்தச் சரக்கும் அறுபத்தொண்ணுக்கு என் வாசலுக்கு வரும்."

அவர் போன பிறகு அவள் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

"அவருக்கு அந்த ஓவன் எதுக்குன்னு கேட்டிருக்கலாம்ல?" என்றான் தம்பி.

"எதுக்கு இருந்தா எனக்கென்ன? ஒரே தட்டுலதான்டா ரெண்டு பேரும் கை வச்சிருக்கோம். அவன் ஒரு பிடி அள்ளினா எனக்கு ஒரு பிடி குறையும். இதுல கேக்க என்ன இருக்கு?"

அந்த வாரம் முழுக்க அவள் ஆட்களைத் தேடி அலைந்தாள். கொக்கியைவிட அதிகமாக ஓவனுக்கு யாரும் கேட்கவில்லை. பலர் இரும்பு விலைதான் சொன்னார்கள். நான் கேட்ட விலை எவனாவது தருவான் என்று திங்களன்று நிச்சயமாக நம்பினாள். செவ்வாயன்றும் நம்பினாள். புதன் காலை, தொழிற்சாலையில் தனியாக நின்றுகொண்டிருந்தபோது அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது தெரிந்தது.

அப்போது கட்டடத்துக்காரர் உள்ளே வந்தார். வயதான மனிதர், எப்போதும் சட்டைப் பையில் பேனாவும் முகத்தில் எரிச்சலுமாக இருப்பவர்.

"எப்பம்மா காலி பண்ணுவீங்க? குளிர்பதனக் கிடங்குக்காரங்க வாடகைக்குக் காத்துட்டிருக்காங்க. நான் முன்சுவரை வேற இடிக்கணும்."

"சுவரையா?"

"லாரி உள்ள வரணும்னு கேக்கறாங்க. இந்தக் கதவுல எங்க வரும்? முழுசா இடிச்சுப் பெரிய கதவு வைக்கப் போறேன்."

தராசக்கா திரும்பி ஓவனைப் பார்த்தாள். அதை வெட்டாமல் வெளியே எடுக்க முடியாது என்று அவள் முதல் நாளே முடிவு கட்டியிருந்தாள். கதவு சின்னது. சுவரில் கை வைக்கக் கட்டடத்துக்காரர் சம்மதிக்க மாட்டார்.

"சுவரைத் தொடவே கூடாதுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் ஐயா."

"நானா? எப்பச் சொன்னேன்? நீங்க எப்பக் கேட்டீங்க?"

அவள் கேட்கவேயில்லை.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இந்த மூன்று வாரத்தில் வேறு எதையெல்லாம் கேட்காமலே முடிவு கட்டினோம் என்று யோசித்தாள். முகம் கழுவிக்கொண்டு நேராகப் பேங்க்குக்குப் போனாள்.

"மேடம், ஒரு சந்தேகம். நான் வெள்ளிக்கிழமை கட்டலன்னா சரக்கு ரெண்டாவதா வந்தவருக்குப் போயிடுமா?"

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இல்ல. அவர் விலைக்கும் உங்க விலைக்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கும்போது அப்படித் தர முடியாது. மறுபடியும் டெண்டர்தான். மூணு நாலு மாசம் ஆகும். ஏன், கட்ட மாட்டீங்களா?"

"கட்டப் பாக்குறேன் மேடம்."

வெளியே வந்து கொக்கிக்குப் போன் போட்டாள். வியாழன் காலை தொழிற்சாலைக்கு வரச் சொன்னாள்.

கொக்கி வந்தார். கூட ஒரு டெக்னீஷியனையும் அழைத்து வந்திருந்தார். தம்பி கதவருகே நின்றான். டெக்னீஷியன் நேராக ஓவனிடம் போனார். தகட்டின் கனத்தை அவர் பார்க்கவில்லை. பாகத்துக்குப் பாகம் இணைக்கும் போல்ட்டுகளை எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தார். உள்ளே குனிந்து, கம்பி வலை பெல்ட்டை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் நடந்தார். இரும்புக்கு வாங்குகிறவன் பெல்ட்டைத் தடவ மாட்டான் என்பது தராசக்காவுக்குத் தெரியும்.

"நாப்பத்தஞ்சு சொல்லத்தான் கூப்பிட்டியா?" என்றார் கொக்கி.

"இல்லண்ணே." அடுத்து சொல்லப் போவதைச் சொன்னால் திரும்ப எடுக்க முடியாது. இதையே வைத்து இந்த மனிதர் தன் கழுத்தை நெரிக்கலாம். "நான் இந்த டெண்டர்ல அதிகமாப் போட்டுட்டேன். நாளைக்குக் கட்ட என்கிட்ட முழுப் பணம் இல்ல. அடுத்த மாசத்துக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும். அவசரமில்லன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்."

கொக்கியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தம்பி தலை குனிந்துகொண்டான்.

"அப்போ நான் ஏன் முப்பத்து நாலு தரணும்? ஒரு நாள் பொறுத்தா மொத்தமும் எனக்கு வந்துடும்."

"வராதுண்ணே. மேடத்துகிட்டக் கேட்டேன். மறு டெண்டராம். மூணு நாலு மாசம் ஆகுமாம்."

"யாரு சொன்னா? எனக்கு இந்தப் பேங்க்கோட பதினஞ்சு வருஷப் பழக்கம்."

"என் பேச்சை நம்ப வேண்டாம். நீங்களே கேளுங்க."

கொக்கி கொஞ்ச தூரம் நடந்துபோய் போனில் பேசினார். முதலில் சத்தமாகப் பேசினார். பிறகு குரல் இறங்கியது. பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். தராசக்கா காத்திருந்தாள். இப்போது ஏதாவது சொன்னால் கெட்டுவிடும் என்று தோன்றியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பேங்க் மாடிப்படி இறங்கிய அன்று அவளுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"உங்களுக்கு இந்த ஓவன் எதுக்குண்ணே?" என்று கேட்டாள்.

கொக்கி டெக்னீஷியனைப் பார்த்தார். டெக்னீஷியன் எங்கோ பார்த்தார்.

"ரொட்டிக் கம்பெனி ஒண்ணு கேட்டுது" என்றார் கொக்கி மெதுவாக. "முழுசா, ஓடுற நிலைமையில வேணும். இந்தச் சரக்கு எனக்குத்தான் வரும்னு நெனச்சேன். நிச்சயமா நெனச்சேன். டெண்டர் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட முன்பணம் வாங்கிட்டேன்."

"எப்பக் கொடுக்கணும்?"

"அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள. தாண்டினா முன்பணத்தை ரெட்டிப்பாத் திருப்பித் தரணும்."

தம்பி சிரித்துவிட்டான். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். யாருக்கும் கோபம் வரவில்லை. ஒரு வாரம் முன்பு டீக்கடையில், சீக்கிரம் எடுத்தே தீர வேண்டிய இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, அவசரமே இல்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்னீங்களே?"

"அவசரம்னு சொன்னா நீ அறுபது கேட்டிருப்ப."

கேட்டிருப்பாள். அதை மறுக்க முடியவில்லை.

அதற்காக உடனே தோளில் கை போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் முட்டி மோதினார்கள். ஆனால் இப்போது மோதுவதற்கு விலையைத் தவிர வேறு விஷயங்களும் இருந்தன. ஓவனைப் பாகம் பாகமாகக் கழற்றி, பெல்ட்டைச் சுருட்டி முழுசாக எடுக்க வேண்டும்; அதற்கு முன்சுவர் போக வேண்டும். சுவரைக் கட்டடத்துக்காரர் தன் செலவிலேயே இடிக்கப் போகிறார். நாலு நாள் முன்கூட்டி இடிக்கச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம்தான். கொக்கியின் கிரேனும் ஆட்களும் எப்படியும் வந்தாக வேண்டும். வந்த கிரேன் ஓவனோடு சேர்த்து ஜெனரேட்டரையும் மாவு பிசையும் மிக்சர்களையும் லாரியில் ஏற்றினால் அவருக்கு அரை நாள் கூடுதல். அவளுக்கோ அது தனியாகப் பிடித்தால் நாலைந்து லட்சம். பொட்டலம் போடும் மெஷின்கள் கொக்கிக்குத் தேவையே இல்லை. அந்த மெஷின்களுக்கு அட்டை செய்கிற ஆள் ஒருவர் அவளுக்குத் தெரியும்.

"நாப்பது" என்றாள். "இன்னிக்கே முழுப் பணமும் என் கணக்குக்கு வரணும். கிரேன் வேலை உங்களோடது. நாளன்னிக்கே கழட்ட ஆரம்பிச்சுக்கலாம்."

"முப்பத்தெட்டு."

"நாப்பதுண்ணே. ரொட்டிக் கம்பெனி உங்களுக்கு எவ்ளோ தருதுன்னு நான் கேக்கல பாத்தீங்களா?"

கொக்கி உதட்டைக் கடித்துக்கொண்டார். "நாப்பது. ஆனா பெல்ட்ல ஒரு கீறல் விழுந்தா விலை குறையும்."

"கழட்டுறது உங்க ஆளுங்க. கீறல் விழுந்தா அது உங்க கீறல்."

வியாழன் மாலை பணம் வரவில்லை. கொக்கி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவள் கணக்கில் ஒன்றும் காட்டவில்லை. வெள்ளி காலை பேங்க் திறந்ததும் போய் உட்கார்ந்தாள். பெரிய தொகை என்பதால் அவர் பேங்க்கில் யாரோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் ஆனது. கொக்கி ஏமாற்றிவிட்டார் என்று ஒரு நிமிடம் நம்பினாள். மறு நிமிடம், ஏமாற்றினால் அவருக்கும்தானே இருபதாம் தேதி போகும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். தம்பி இரண்டு தடவை வெளியே போய் வந்தான். அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பிறகு தன் வேலையைப் பார்த்தார். கவுன்டர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அதிர்ந்தது. நாற்பது லட்சம் வந்து சேர்ந்ததாகச் செய்தி. தம்பி அவள் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்தான்.

கடைசியில் எல்லாம் விற்றுத் தீர்ந்தபோது அவளுக்கு ஆறு லட்சம் நஷ்டம். முன்பணத்தை விட்டுவிட்டு ஓடியிருந்தால் போயிருக்கும் தொகையைவிடக் குறைவு. பேங்க்கிலும் பெயர் தங்கியது. அது வெற்றி இல்லை என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கொக்கியோடு சிநேகமும் வளரவில்லை. மிக்சர் ஒன்றின் கால் வளைந்ததற்கு யார் பொறுப்பு என்று இன்றைக்கும் இருவருக்கும் தகராறு இருக்கிறது.

மாறியது அவள் விலை போடும் விதம். இப்போதெல்லாம் அக்காவும் தம்பியும் சரக்கைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒருவர் கணக்கை ஒருவருக்குச் சொல்லாமல் எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இருவருக்குமே தெரியவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று தம்பி எண்ணுவான். அத்தனை பேரையும் தாண்டி ஜெயித்தால் அவ்வளவு கூட்டிப் போட்டிருப்போம் என்று, கூட்டம் அதிகமாக இருந்தால் விலையை இன்னும் இறக்குவாள். முன்பெல்லாம் கூட்டத்தைக் கண்டால் ஏற்றுவாள். இதனால் பல டெண்டர்கள் கை நழுவின. சிலது உண்மையிலேயே நல்ல சரக்கு. போன பிறகு நெஞ்சு எரிந்தது. அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும் என்று விடுவதற்கு அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் டெண்டருக்கு வந்தது. பெரிய துவைக்கும் இயந்திரங்கள், உலர்த்திகள், ஒரு நீராவிக் கொதிகலன். ஒன்பது கவர்கள் வந்தன. அவளுடையது நடுவில் எங்கோ நின்றது. ஜெயித்தவர் தொழிலுக்குப் புதியவர்; அடுத்த விலைக்கும் அவர் விலைக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம். எல்லாரும் கை கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

தராசக்கா படிக்கட்டில் அவருக்காகக் காத்திருந்தாள்.

"சார், அந்தச் சரக்குல உங்களுக்கு எது தேவையில்லாம இருக்கும்? கொதிகலனுக்கு என்கிட்ட ஆள் இருக்கு. உங்களுக்கு எப்பக் காலி பண்ணணும்னு சொன்னா பேசலாம்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"எல்லாமே எனக்கு வேணும்" என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் தலையாட்டினாள். தன் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு, தம்பியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.